எண்ணெயை மூடிய பிறகு

பலாங்கொடைக்கும் ரக்வானைக்கும் இடைப்பட்ட மலைகளில் அந்த நாட்களில் ஒவ்வொரு தோட்டத்து ஸ்டோருக்கும் ஒரு தனிக்குரல் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ரோலர் போடுவதற்காக எஞ்சினைக் கிளப்புவார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கத்துத் தோட்டத்து எஞ்சின் இருமி இருமிக் கிளம்பும். எங்களுடையது ஒரே மூச்சில் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் ஒரு சீரான நடைக்கு வந்துவிடும். லயத்தில் படுத்திருக்கும் அம்மா கண்ணைத் திறக்காமலே, "ரோலர் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அந்தச் சத்தம் இருக்கிறவரை நாளைக்கு மலையில் வேலை உண்டு. வேலை இருந்தால் பேர் விழும், பேர் விழுந்தால் மா கிடைக்கும். 1974ஆம் ஆண்டு, தோட்டத்தில் பஞ்சம் பிடித்திருந்த காலம். அரிசியைக் கண்ணில் காண்பது அரிது. மரவள்ளிக்கிழங்கும் கோதுமை மா ரொட்டியும்தான் சாப்பாடு. அதனால் எஞ்சின் சத்தத்தைப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரேமாதிரிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் அண்ணன் அந்த எஞ்சின் அறையில் கையாளாக இருந்தான். வயது பதினாறு இருக்கும். எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்புவது, கழிவு நூலால் பித்தளையைத் துடைப்பது, தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது, பாஸ் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. பாஸ் என்றால் முதலாளி இல்லை. எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்த சிங்களப் பெரியவர்களைப் பாஸ் உன்னஹே என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். தச்சுவேலை செய்கிறவரும் பாஸ், கொத்தனாரும் பாஸ், எஞ்சின் பழுது பார்க்கிறவரும் பாஸ். எங்கள் பாஸ் பலாங்கொடைப் பக்கத்திலிருந்து வருவார். அந்தச் சுற்றுவட்டாரத்து ஸ்டோர்கள் பலவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். கறுத்து மெலிந்த மனிதர். மடித்துக் கட்டிய சாரம், காதில் ஒரு பீடி, பேசும்போது தமிழும் சிங்களமும் கலந்து வரும். அண்ணனை மல்லி என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் பொடி மல்லி.

நான் ஸ்டோருக்குப் போவது அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்க. இருட்டில் தனியாகத் திரும்ப விடமாட்டார்கள் என்பதால் அங்கேயே சாக்குக்கட்டின் மேல் படுத்துக்கொள்வேன். மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். அதன் வாசனை கீழே இறங்கி வந்து டீசல் வாசனையோடு கலக்கும். இப்போது எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அந்தக் கலவை கிடைப்பதில்லை.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இலங்கைத் தேயிலை ஸ்டோர்களில் ரஸ்டன், கிரொஸ்லி, டாங்கி என்று இங்கிலாந்திலிருந்து வந்த எஞ்சின்கள் பல இருந்தன. எங்களுடையதன் பெயர்த்தகட்டை எத்தனையோ தடவை பச்சைப் பெயின்ட் மூடிவிட்டிருந்தது. படுத்த நிலையில் ஒரே ஒரு சிலிண்டர். இரண்டு பக்கமும் பிளைவீல், ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். நிமிஷத்துக்குச் சுமார் முந்நூறு சுற்று ஓடும். நான்கு அடி எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளே வெடி. அந்த ஒரு வெடியில் வாங்கிய வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெடி இல்லாத மிச்ச நேரமெல்லாம் எஞ்சினை இழுத்துக்கொண்டு போவது பிளைவீல். ஒரு பக்கத்துப் பிளைவீலோடு சேர்ந்த புல்லியிலிருந்து அகலமான பட்டி ஒன்று சுவர் ஓரத்துத் தண்டுக்குப் போகும். அந்தத் தண்டிலிருந்து ரோலர், சல்லடை, சிரொக்கோ விசிறி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டி. எஞ்சின் நின்றால் ஸ்டோர் முழுவதும் நின்றுவிடும்.

முதலில் நின்றது ஸ்டோர் இல்லை, சீர்தான். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து அள்ளிக்கொண்டு வருகிற நாட்களில் எஞ்சினின் நடையில் ஒரு தட்டு விழுந்தது. வெடியோடு சேர்ந்து "டொக்" என்று கனமாக ஒரு இடி. அம்மாவுக்கே அது லயத்தில் கேட்டது. "என்னமோ இடிக்குதே" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ் வந்தார். ஒரு முழ நீள இரும்புக் கம்பி எப்போதும் அவர் பையில் இருக்கும். ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேட்பார். காற்றில் வரும் சத்தத்தில் எல்லாம் கலந்துவிடும், இரும்பு வழியாக வருவது கலப்பில்லாமல் வரும். சிலிண்டர் தலையில் வைத்தார், வால்வுப் பக்கம் வைத்தார், பிறகு தண்டு உட்கார்ந்திருக்கும் பெயரிங்குகளில் வைத்தார். அங்கேதான் தட்டு உரக்கக் கேட்டது. அண்ணனிடம், "எண்ணெயை மூடு மல்லி" என்றார். அண்ணன் எரிபொருள் பம்பின் பிடியை மூடினான். பாஸ் மறுபக்கம், சிலிண்டர் தலைப்பக்கம் நின்று, புகை வால்வைத் தூக்கும் பிடியை மேலே இழுத்தார். தட்டு அந்தக் கணமே நின்றுவிட்டது. எஞ்சின் மெத்தென்று சுழன்று சுழன்று ஓய்ந்தது.

"வெடி இருந்தா தட்டுது. வெடி இல்லேன்னா தட்டல்ல. பிக் எண்ட்" என்றார் பாஸ்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிஸ்டனிலிருந்து வருகிற ரொட் தண்டைப் பிடித்திருக்கும் இடம்தான் பிக் எண்ட். உள்ளே வெள்ளை ஈய உலோகப் பூச்சு. அது தேய்ந்து இடைவெளி கூடினால், வெடியின் அடி விழும்போது ரொட் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்த் தண்டில் மோதும். வெடியை நிறுத்தினால் மோதல் அடங்கும். பழைய எஞ்சின்களில் தட்டு என்றால் பெரும்பாலும் அதுதான். பாஸ் கதவைத் திறந்து மூடியைக் கழற்றினார். மெல்லிய ஈயக் கம்பியை நடுவில் வைத்து மூடியை முறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தைப் பார்த்தார். இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. மூடிக்கும் ரொட்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்தார். பூச்சில் கரி படிந்த இடங்களைச் சுரண்டினார். ஒரு பகலும் பாதி இரவும் போனது. திரும்பப் பூட்டி ஓட்டினால், டொக்.

ஒரு பழுதைத் தேடிப் போகிறபோது வேறொரு சின்னப் பழுது கண்ணில் படுவதுபோல் வழி தப்பவைப்பது எதுவும் இல்லை என்று அண்ணன் பிற்காலத்தில் சொல்வான். பிக் எண்டில் கொஞ்சம் இடைவெளி இருந்தது உண்மை. அதனாலேயே பாஸ் தான் போன பாதையை விடவில்லை. அடுத்து பிஸ்டன் பின்னைப் பார்த்தார், பிறகு மெயின் பெயரிங்கைக் குறை சொன்னார். அதற்குள் வாடிய கொழுந்து தட்டிலேயே சூடேற ஆரம்பித்தது. மிச்சத்தைச் சாக்கில் கட்டி லொறியில் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். வழியிலே வெந்து சிவந்த கொழுந்தை அந்த டீமேக்கர் திருப்பி அனுப்பினார். எங்கள் டீமேக்கர் ஐயா தலையில் கைவைத்தபடி எஞ்சின் அறை வாசலில் நின்றார். பெயரிங்குகளைக் கொழும்புக்கு அனுப்பிப் புதிதாக ஈயம் ஊற்றிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. அது வரும்வரை கொழுந்து எடுப்பதைக் குறைக்கச் சொல்லி பெரிய துரையிடமிருந்து உத்தரவு வரும். பெண்டுகளுக்குப் பாதி நாள்தான் பேர் விழும். லயத்தில் அன்றிரவு எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

முன்பெல்லாம் இப்படியான பாரங்கள் சின்ன ரயிலில் போகும். கொழும்பிலிருந்து இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது. 1919இல் ஓபநாயக்கவரை நீண்டது. எங்கள் ஸ்டோர் எஞ்சினும் துண்டு துண்டாக அந்த ரயிலில்தான் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையேறியது என்று தாத்தா சொல்வார். பிளைவீல் ஏற்றிய வண்டிக்கு எத்தனை சோடி மாடு பூட்டினார்கள் என்பதில் அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் கடைசிவரை தகராறு. எழுபதுகளிலேயே அவிசாவளைக்கு இப்பால் அந்தப் பாதையைக் கழற்றிவிட்டார்கள்.

கொழும்புக்கு அனுப்புமுன், கையிலிருந்த கொழுந்தையாவது முடித்துவிடலாம் என்று அந்த இரவு மெதுவாக எஞ்சினை ஓட்டினார்கள். விடியப்போகிற நேரத்தில் கடைசி ரோலரும் ஓய்ந்தது. பட்டியை வெறும் புல்லிக்குத் தள்ளிவிட்டார்கள். பாஸ் முகம் கழுவப் பீலிக்குப் போயிருந்தார். டீமேக்கர் ஐயா ஜன்னல் வழியாக, "எஞ்சினை நிப்பாட்டுடா" என்று சத்தம் போட்டார்.

அண்ணன் எண்ணெயை மூடினான். வழக்கமாக இந்த வேலைக்கு இரண்டு பேர். எண்ணெய்ப் பிடி ஒரு பக்கம், வால்வுப் பிடி சிலிண்டர் தலைப்பக்கம். எஞ்சின் கடைசியில் அமுக்கத்தில் முட்டி முன்னும் பின்னும் ஆடி நிற்பது பாஸுக்குப் பிடிக்காது. பட்டிக்குக் கெடுதல் என்பார். அதனால் எண்ணெய் மூடியதுமே அவர் வால்வைத் தூக்கிவிடுவார். அன்று பாஸ் இல்லை. அண்ணன் பிளைவீலைச் சுற்றி மறுபக்கம் போக வேண்டியிருந்தது. அந்தச் சுற்று வழியில், பிளைவீலுக்கு நேரே வந்தபோது நின்றுவிட்டான்.

நான் சாக்கின் மேல் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணெய் மூடிய பிறகும் தட்டு நிற்கவில்லை. வெடிச்சத்தம் போய்விட்டதால் அது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. டொக். எஞ்சின் மெதுவாகிறது. டொக். சுற்றுக்களை எண்ணக்கூடிய அளவுக்கு வேகம் குறைகிறது. பிஸ்டன் உள்ளே போகும்போது காற்று அமுங்கி எஞ்சின் மூச்சடைத்துத் திணறுகிறது. முனையைத் தாண்டுகிறது. தாண்டின உடனே, டொக். கடைசியில் தாண்ட முடியாமல் ஒருமுறை பின்னால் ஆடி நின்றது.

"டேய், வெடிதான் இல்லியே. எப்பிடி தட்டும்?" என்றான் அண்ணன். என்னிடம் கேட்கவில்லை, எஞ்சினிடம் கேட்டான்.

பிறகு அரிக்கன் லாம்பை எடுத்து வரச் சொன்னான். பிளைவீலின் நடுவில், தண்டு நுழைகிற குடத்தருகே வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னான். பிளைவீலைத் தண்டோடு பிணைப்பது ஒரு கீ. தண்டில் பாதியும் குடத்தில் பாதியுமாக வெட்டிய காடியில், ஒருபக்கம் மெலிந்து வரும் தலைவைத்த இரும்பு ஆப்பு. அந்தக் கீயின் ஓரத்தில் எண்ணெயோடு கலந்து செங்காவி நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அண்ணன் விரலால் தொட்டுத் தேய்த்தான். மண் இல்லை, நைசான துருப்பொடி. இரும்போடு இரும்பு இறுகியிருந்தால் அங்கே பொடி வராது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைந்து அசைந்து உரசினால்தான் அப்படிச் சிவந்த மாவு அரைபட்டு வெளியே வரும்.

பாஸ் திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னான். "பாஸ் உன்னஹே, தட்டு பிக் எண்ட்ல இல்ல. பிளைவீல் கீயில."

பாஸ் சிரித்தார். "தண்டு ஒண்ணுதானே மல்லி. எங்க தட்டினாலும் தண்டு முழுக்க ஓடும். கம்பி வச்சுக் கேட்டேனே, பெயரிங்ல தட்டுது."

"ஓடுற வீல்ல கம்பி வைக்க முடியாதே பாஸ் உன்னஹே. வீல்ல தட்டினாலும் பெயரிங் வழியாத்தானே கம்பிக்கு வரும்?"

பாஸ் சிரிப்பை நிறுத்தினார். பீடியை எடுத்துக் காதில் திரும்பச் செருகினார். "எஞ்சின் போடு. வால்வைத் தூக்காம நிப்பாட்டு" என்றார்.

அழுத்தக் காற்றைத் திறந்து எஞ்சினைக் கிளப்பினார்கள். கொஞ்சம் ஓடவிட்டு அண்ணன் எண்ணெயை மூடினான். பாஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிளைவீல் பக்கம் நின்றார். வெடி ஓய்ந்தது, தட்டு ஓயவில்லை. கடைசிச் சுற்றுக்களில் திணறல், தாண்டல், டொக் என்று வரிசை மாறாமல் வந்தது. எஞ்சின் நின்ற பிறகும் பாஸ் வெகுநேரம் அசையவில்லை.

அவர் எதைப் புரிந்துகொண்டார் என்பதை அண்ணன் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளக்கினான். காற்று அமுங்கும்போது பிளைவீல்தான் தண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முனையைத் தாண்டியதும், அமுங்கிய காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ள, இப்போது தண்டு பிளைவீலைத் தள்ளுகிறது. தள்ளுகிறவர் மாறும் அந்தக் கணத்தில் கீ தளர்ந்திருந்தால் காடியின் ஒரு சுவரை விட்டு மறுசுவரில் போய் இடிக்கும். அதற்கு வெடி வேண்டாம், அமுங்கிய காற்றே போதும். பிக் எண்ட் அந்த இடத்தில் தட்டாது. முனைக்கு முன்னும் பின்னும் அமுங்கிய காற்று ரொட்டை ஒரே திசையில் தண்டின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இடைவெளி இருந்தாலும் அது மூடியே கிடக்கும். ஆகவே எண்ணெய் மூடிய பிறகு, மெதுவாகும் சுற்றில், அமுக்க முனையைத் தாண்டியவுடன் வருகிற தட்டு ரொட்டின் தட்டாக இருக்க முடியாது.

பாஸுக்கு இது தெரியாததல்ல. அவர் வால்வைத் தூக்கியதும் அமுக்கமே இல்லாமல் போயிற்று. அமுக்கம் இல்லாததால் தள்ளுகிறவர் மாறவில்லை, கீ தட்டவில்லை. வெடியை நிறுத்தியதால்தான் சத்தம் நின்றது என்று அவர் நினைத்தார். உண்மையில் அவர் ஒரே நேரத்தில் வெடியையும் அமுக்கத்தையும் நிறுத்தியிருந்தார். பட்டியைக் காப்பாற்றப் பழகிய கை, காதுக்கு வரவேண்டிய சத்தத்தை மறித்துவிட்டது.

சந்தேகத்தை உறுதி செய்யப் பாஸ் முதலில் சோக் கட்டியால் தண்டின் முகத்திலிருந்து கீ வழியாகக் குடம்வரை ஒரு நேர்கோடு போட்டார். ஓட்டி நிறுத்திப் பார்த்தால் கோடு நேராகவே இருந்தது. டீமேக்கர் ஐயா, "ஒண்ணும் நகரல்லையே" என்றார். பாஸ் தலையை ஆட்டினார். வீல் வழுக்கி ஓடியிருந்தால் கோடு பிரிந்திருக்கும். இது முன்னே மயிரளவு, பின்னே மயிரளவு ஆடுகிறது. நின்ற பிறகு கோட்டில் தெரியாது. அதனால் அண்ணனின் சுண்டுவிரலைப் பிடித்து, பாதி தண்டிலும் பாதி குடத்திலுமாகப் படும்படி வைத்தார். நாலு பேர் மறுபக்கத்துப் பிளைவீலைப் பிடித்து அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளி விட்டார்கள், தள்ளி விட்டார்கள். "அசையுது" என்றான் அண்ணன். பாஸ் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மல்லி சொன்னது சரி" என்றார். வேறொரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

கீயைக் கழற்றியபோதுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. கீயின் தலைக்கும் குடத்துக்கும் நடுவே இருந்த சந்தில் இரும்பு ஆப்பு வைத்து அடித்து இழுத்தார்கள். கீயோடு ஒரு தகரத்துண்டும் நசுங்கி வந்தது, பால்மா டின் தகரம். காடி எப்போதோ தேய்ந்துபோக, கீயின் முதுகில் தகரம் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கீயின் இரண்டு மூலைகள் மட்டும் பளபளத்தன, மிச்சமெல்லாம் பழுப்பாய்த் துருவேறியிருந்தது. நீளம் முழுக்கத் தாங்கவேண்டிய ஆப்பு இரண்டு மூலையில் தாங்கியிருந்தது.

தகரத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. முன்பு அந்த எஞ்சினை ஓட்டியவர் எங்களுக்கு மாமா முறை. ஞாயிறு காலையில் ஸ்டோர் ஓய்ந்திருக்கும்போது அவர் தனியாக உள்ளே போவார். ணங், ணங் என்று சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு வெளியே வந்து வெற்றிலை போடுவார். என்ன தட்டுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் அவர் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்தது. தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார். எஞ்சின் சாவியையும் எண்ணெய்க் கணக்குப் புத்தகத்தையும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தியலைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அவர் போன பிறகு அந்தக் கீ கொஞ்சம் கொஞ்சமாக நழுவத் தொடங்கியிருக்க வேண்டும். 1974 தொடக்கத்தில் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரையும் இரண்டு அரசாங்கமும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒவ்வொரு ஸ்டோரிலிருந்தும் அப்படி யாராவது போனார்கள். போனவர்களோடு என்னென்ன போயிற்று என்பது ஏதாவது தட்டத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

புதுக் கீயைப் பாஸே செய்தார். உடைந்த ரோலர்த் தண்டு ஒன்றின் துண்டைத் தோட்டத்துக் கொல்லர் பட்டறையில் காய்ச்சி அடித்து, சதுரித்து, அரத்துக்கு வந்தார். தேய்ந்த காடியின் சுவர்களை முதலில் நேராக்கினார். கீக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு, அதாவது நூறு நூல் நீளத்துக்கு ஒரு நூல் மெலிய வேண்டும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கீயில் மெல்லப் பூசி, காடியில் செலுத்தி, வெளியே எடுத்துப் பார்ப்பார். கரி அழிந்த இடம் தாங்குகிற இடம். அங்கே மட்டும் அரம். திரும்பப் பூசிச் செலுத்துவார். நீளம் முழுக்கச் சீராகக் கரி அழியும்வரை அவர் நிமிரவில்லை. இந்த முறை அரத்தை அண்ணன் கையில் பாதி நேரம் கொடுத்தார். அதற்குமுன் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

கீயை அடித்து இறக்கும்போது பாஸ் அண்ணனை அருகில் நிற்கச் சொன்னார். "எப்ப போதும்னு நீ சொல்லு" என்றார். சம்மட்டி விழுந்தது. முதலில் மொத்தென்ற சத்தம். கீ இறங்க இறங்க ஓசை உயர்ந்தது. ஒரு அடியில் வீல் முழுவதும் சேர்ந்து ஒலித்தது, தண்டும் குடமும் கீயும் ஒரே இரும்பானமாதிரி. "போதும் பாஸ் உன்னஹே." தலைக்கும் குடத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. அதை வேண்டுமென்றே விடுவார்கள். தலை குடத்தில் முட்டிவிட்டால் கீ இறுகிவிட்டதா, முட்டி நிற்கிறதா என்று தெரியாது. பின்னால் கழற்றவும் ஆப்பு வைக்க இடம் இருக்காது.

அன்றிரவு எஞ்சின் கிளம்பியது. அம்மா புரண்டு படுத்தாளா என்று நான் பார்க்கவில்லை. நான் ஸ்டோரில் சாக்கின் மேல் இருந்தேன். பாஸ் ஒரு காரியம் செய்தார். எஞ்சினை நிறுத்தும்போது வால்வுப் பிடிமேல் கையை வைத்துக்கொண்டு, தூக்காமல், சில சுற்றுக்கள் காத்திருந்தார். பிறகு தூக்கினார். அதற்குப் பிறகு எந்த ஸ்டோருக்குப் போனாலும் அவர் அப்படித்தான் நிறுத்தினார் என்று அண்ணன் சொல்வான். யாராவது காரணம் கேட்டால் பட்டிக்கு நல்லது என்பாராம்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1977 கலவரத்தோடு நாங்கள் அந்த மலையை விட்டு வவுனியாவுக்கு வந்தோம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடந்த சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து எங்களைப்போல் வந்தவர்கள் நிறைய. அண்ணன் அங்கே தண்ணீர் பம்புகளும் உழவு இயந்திரங்களும் திருத்தும் ஒரு சின்னப் பட்டறை போட்டான். அவனிடம் வேலை பழக வந்த பொடியன்களுக்கு முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். எஞ்சின் ஓடும்போது கேட்காதே, எண்ணெயை மூடிவிட்டுக் கேள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்து. உன் காது நல்ல காது என்று யாராவது பாராட்டினால் அவனுக்குப் பிடிக்காது. "பாஸுக்கு என்னைவிட நல்ல காது. அந்த நேரத்துல அங்க அவர் நிக்கல்ல, நான் நின்னேன். அவ்வளவுதான்" என்பான்.

ஸ்டோர்களுக்கு மின்சார மோட்டார்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு ரோலருக்கும் தனி மோட்டார். எஞ்சின் அறையும் பட்டிகளும் தேவைப்படாமல் போயின. இன்னும் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வந்தபோது, எங்கள் எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னார். சிலிண்டரையும் ரொட்டையும் கழற்றிவிட்டார்களாம். பிளைவீலை மட்டும் தண்டிலிருந்து பிரிக்க முடியவில்லையாம். சம்மட்டியால் அடித்தும் கீ வராததால் காஸ் விளக்கு வைத்துத் தண்டையே அறுத்து எடுத்துப் போனார்களாம்.

அண்ணனுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவனுக்குக் கோபம்தான் வந்தது. "விரற்கடை இடம் விட்டிருக்கே, ஆப்பு வச்சா வந்திருக்குமே. நல்ல தண்டை நாசமாக்கிட்டானுங்க" என்று அந்தச் சொந்தக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டான். அவர் என்ன செய்வார் பாவம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.